640 முகவரிகள், இரண்டு தலைப்புகள்: சின்னப் பட்டியலில் மின்னஞ்சல் சோதனை

அக்கா சிங்கப்பூரில் தேக்கா பக்கம் மசாலாத் தூள் கடை வைத்திருக்கிறார். சாம்பார்த் தூள், ரசத் தூள், மீன் குழம்புத் தூள், கரம் மசாலா என்று எல்லாம் சொந்த அரைப்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போகும். அதை அனுப்பும் வேலை என்னுடையது. எந்த மாதிரித் தலைப்பு எழுதினால் ஆட்கள் உள்ளே வந்து பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு, மூன்று மாத வேலைக்குப் பிறகு இப்போதுதான் நம்பக்கூடிய ஒரு பதில் கிடைத்திருக்கிறது. எங்களைப் போலச் சில நூறு முகவரிகளை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

பட்டியலைச் சுத்தம் செய்வதில் ஆரம்பித்தேன். திரும்பி வந்த முகவரிகளை எடுத்துவிட்டேன். அடுத்து, மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த சில விநாடிகளிலேயே அதிலுள்ள எல்லா இணைப்புகளையும் ஒன்றுவிடாமல் தட்டியிருந்த சில முகவரிகள் தெரிந்தன. எல்லாம் அலுவலக முகவரிகள். அங்கே பாதுகாப்பு மென்பொருள்தான் இணைப்புகளைத் தட்டிச் சோதிக்கிறது, மனிதர்கள் அல்ல. அவர்களுக்கு மின்னஞ்சல் போகட்டும், கணக்கில் மட்டும் வேண்டாம் என்று தனியே ஒதுக்கினேன். மிஞ்சியது 640.

முதல் சோதனையை நாங்கள் வாங்கியிருந்த மின்னஞ்சல் சேவையின் அமைப்பிலேயே, அது தானாகக் காட்டிய அளவுகளை மாற்றாமல் செய்தேன். பட்டியலில் 20 விழுக்காட்டுக்கு ஒரு தலைப்பு, இன்னொரு 20 விழுக்காட்டுக்கு வேறு தலைப்பு. நான்கு மணி நேரம் கழித்து எதை அதிகம் பேர் திறந்தார்களோ அது மீதி 60 விழுக்காட்டுக்குப் போகும். எங்கள் பட்டியலில் 20 விழுக்காடு என்றால் 128 பேர். வியாழன் மதியம் 12 மணிக்கு அனுப்பினோம். நாலு மணிக்கு முதல் தலைப்பை 22 பேரும் இரண்டாவதை 29 பேரும் திறந்திருந்தார்கள். இரண்டாவதுதான் வெற்றி என்று சொல்லி, மீதி 384 பேருக்கும் அதையே அனுப்பிவிட்டது.

சனிக்கிழமை மதியம் அதே இரண்டு குழுக்களைத் திரும்பப் பார்த்தேன். முதல் தலைப்பு 41, இரண்டாவது 39. வரிசையே மாறியிருந்தது.

இதில் சிக்கல் இரண்டு. ஒன்று நேரம். மதியம் 12 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் மின்னஞ்சல் பார்ப்பவர் ஒரு வகை, வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது பார்ப்பவர் இன்னொரு வகை. நாலு மணிக்கு முடிவெடுத்தால் இரண்டாவது வகையின் குரல் கணக்கிலேயே வராது. மற்றது ஆள் எண்ணிக்கை. 22க்கும் 29க்கும் வித்தியாசம் ஏழு பேர்தான். அந்த ஏழு பேர் தலைப்பால் வந்தார்களா, குலுக்கலில் அந்தப் பக்கம் விழுந்தார்களா?

இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு குழுவும் ஒரே அளவாக இருந்தால், இரண்டு எண்களையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை எடுத்து, இரண்டால் பெருக்க வேண்டும். வித்தியாசம் அதைத் தாண்டினால்தான் பேச்சு. 22-ம் 29-ம் 51. வர்க்கமூலம் ஏழு சொச்சம், இரட்டித்தால் 14. எங்களிடம் இருந்தது ஏழு, அதாவது வேண்டியதில் பாதி. விகிதம் சின்னதாக, பத்து விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்போது இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். முப்பது விழுக்காடு மாதிரி இடங்களில் கொஞ்சம் கறாராக இருக்கும், ஆனால் ஏமாற்றாது.

அக்காவுக்கு இந்த வர்க்கமூலம் ஒத்துவரவில்லை. "ஏழு பேர் அதிகம்னா அதிகம்தானே தம்பி, அதுல என்ன சந்தேகம்?" என்றார். வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டுவது நல்லது என்று பட்டது. அடுத்த மின்னஞ்சலில் பட்டியலைச் சரிபாதியாக, 320, 320 என்று பிரித்து, இரண்டு பாதிக்கும் எழுத்து மாறாமல் ஒரே தலைப்பை அனுப்பினேன். மூன்று நாள் கழித்து ஒரு பாதியில் 101 பேர் திறந்திருந்தார்கள், மற்றதில் 88. விழுக்காட்டில் சொன்னால் 31.6, 27.5. தலைப்பு ஒன்றே, உள்ளடக்கம் ஒன்றே, நேரமும் ஒன்றே. அப்படியும் நான்கு புள்ளி வித்தியாசம். அக்கா திரையை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "அப்ப இவ்வளவு நாள் நாம ஜெயிச்சுதுன்னு சொன்னதெல்லாம்?" என்று கேட்டார். அந்த ஒரு மின்னஞ்சலுக்குப் பிறகு கணக்கை அவர் என்னைவிடக் கறாராகப் பார்க்க ஆரம்பித்தார். சின்னப் பட்டியல் வைத்திருக்கும் யாரும் முதலில் இந்த ஒரே தலைப்புச் சோதனையைச் செய்து பார்க்கலாம். செலவு எதுவும் இல்லை. உங்கள் பட்டியலில் வெறும் அதிர்ஷ்டம் எவ்வளவு ஆடும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சரி, அப்படியானால் எத்தனை பேர் வேண்டும்? ஒவ்வொரு பக்கமும் எத்தனை பேர் என்பதற்கு நான் பயன்படுத்தியது இந்தச் சூத்திரம்:

```
n = 16 * p * (1 - p) / (d * d)
```

`p` என்பது இரண்டு பக்கத்தின் சராசரி விகிதம். `d` என்பது நாம் கண்டுபிடிக்க நினைக்கும் வித்தியாசம். 16 என்ற எண்ணுக்குள் இரண்டு ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன. வித்தியாசமே இல்லாதபோது இருப்பதாக நினைத்துவிடும் வாய்ப்பு 5 விழுக்காடு. நிஜமாகவே இருந்தால் அதைப் பிடித்துவிடும் வாய்ப்பு 80 விழுக்காடு.

திறப்பு விகிதத்தை 30-லிருந்து 35 விழுக்காடாக உயர்த்தும் தலைப்பைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் `p` 0.325, `d` 0.05. விடை பக்கத்துக்கு சுமார் 1400 பேர், மொத்தம் 2800. எங்களிடம் 640. 30-லிருந்து 40 என்றால் பக்கத்துக்கு 364, அதாவது மொத்தம் 728. ஆக எங்கள் பட்டியலை முழுசாகச் செலவழித்தாலும், ஒரே மின்னஞ்சலில் பத்து புள்ளி வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதே இழுபறி. ஒரு சொல்லை மாற்றியோ ஒரு பூப்படம் சேர்த்தோ பத்து புள்ளி ஏறாது. அந்த மாதிரிச் சின்னச் சோதனைகளை அன்றோடு விட்டோம்.

"பக்கத்துக் கடைக்காரங்ககிட்ட ஆயிரம் முகவரி இருக்காம், கேட்டு வாங்கிச் சேர்த்துக்கலாமா?" என்று அக்கா கேட்டார். இரண்டு காரணங்களால் வேண்டாம் என்றேன். அந்த ஆட்கள் எங்களுக்குச் சம்மதம் கொடுத்தவர்கள் இல்லை. சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைக் கேட்கிறது. கேட்காமல் மொத்தமாக அனுப்பும் விளம்பர மின்னஞ்சல் என்றால், ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தலைப்பு `<ADV>` என்றுதான் தொடங்க வேண்டும். எங்கள் 640 பேரும் கடை மேசையிலோ இணையத்திலோ தாங்களே பெயர் கொடுத்தவர்கள், அதனால் அந்த முத்திரை எங்களுக்குத் தேவைப்படவில்லை. இரண்டாவது காரணம், எங்கள் தூளை வாங்கியே இராத ஆயிரம் பேர் எதைத் திறக்கிறார்கள் என்பது எங்கள் வாடிக்கையாளரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஆட்களைக் கூட்ட முடியாது, ஆனால் மின்னஞ்சல்களைக் கூட்டலாம். அதாவது ஒரு தனித் தலைப்பைச் சோதிக்காமல், தலைப்பின் வகையைச் சோதிப்பது. ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அந்த இரண்டு வகையிலும் புதுத் தலைப்பு எழுதி, பல மின்னஞ்சல்களின் கணக்கைச் சேர்த்துப் பார்ப்பது.

வகைகள் ஒன்றுக்கொன்று நன்றாக விலகி இருக்க வேண்டும். எங்கள் முதல் வகை சலுகை: "இந்த வாரம் எல்லாத் தூளுக்கும் 10% தள்ளுபடி". இரண்டாவது வகை ஒரு பொருளும் ஒரு நாளும்: "வெள்ளி காலை மீன் குழம்புத் தூள் அரைக்கிறோம்". உள்ளே இருப்பது இரண்டுக்கும் ஒன்றேதான், தள்ளுபடி உட்பட. கைப்பேசியில் தலைப்பின் பின்பாதி வெட்டுப்படும் என்பதால் முக்கியமான சொற்கள் இரண்டிலும் முன்னாலேயே வருமாறு பார்த்துக்கொண்டேன்.

எதை எண்ணுவது என்பதையும் மாற்ற வேண்டியிருந்தது. 2021-இல் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து ஆப்பிளின் மெயில் செயலியில் ஒரு தனியுரிமை வசதி இருக்கிறது. அதை இயக்கி வைத்தவர்களுக்கு வரும் மின்னஞ்சலின் படங்களை ஆப்பிளே முன்கூட்டி இறக்கி வைத்துவிடும். திறந்தார்களா என்று நாம் தெரிந்துகொள்வது கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படத்தை வைத்துத்தான். ஆகவே அந்த ஆள் தொட்டே பார்க்காவிட்டாலும் திறந்ததாகக் கணக்கில் ஏறும். ஜிமெயில் முகவரியை ஆப்பிள் செயலியில் பார்ப்பவருக்கும் இதே கதைதான். அதே ஐஃபோனில் ஜிமெயில் செயலியில் பார்த்தால் இது கிடையாது. இப்படிப்பட்ட திறப்புகள் தலைப்பு எதுவானாலும் இரண்டு பக்கமும் சமமாக விழுகின்றன. அதனால் யார் ஜெயித்தது என்பது தலைகீழாகாது, ஆனால் நிஜமான வித்தியாசம் நீர்த்துப்போகும். அதனால் திறப்பை விட்டுவிட்டு, கடையின் பக்கத்துக்கான இணைப்பைத் தட்டியவர்களை எண்ணினேன். ஒருவர் எத்தனை முறை தட்டினாலும் ஒன்றுதான். திறந்தவர்களில் இத்தனை பேர் என்று பார்க்காமல், அனுப்பப்பட்டவர்களில் இத்தனை பேர் என்று எடுத்தேன். தலைப்பு மாறினால் திறப்பவர்களே மாறுகிறார்கள், ஆகவே திறந்தவர்களை வகுஎண்ணாக வைத்தால் ஒப்பீடு கோணலாகிவிடும்.

எங்களுக்குத் தட்டும் விகிதம் பழைய மின்னஞ்சல்களில் 4 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. அது 6 ஆனால் அக்காவுக்குப் பிரயோசனம், 4.5 ஆனால் பெரிதாக ஒன்றும் இல்லை என்று பேசி முடிவு செய்தோம். சராசரி 0.05, வித்தியாசம் 0.02. சூத்திரம் பக்கத்துக்கு 1900 என்றது. ஒரு மின்னஞ்சலுக்குப் பக்கத்துக்கு 320 பேர். 1900-ஐ 320-ஆல் வகுத்தால் ஆறு. ஆறு தடவை அனுப்பினால் பக்கத்துக்கு 1920. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் மூன்று மாதம். பொங்கல் கூட்டம் அடங்கியபின் தொடங்கி, சித்திரைப் புத்தாண்டு மின்னஞ்சலுக்கு முன் முடிப்பது என்று நாட்காட்டியில் குறித்தோம். ஆறு மின்னஞ்சல், அதற்குமுன் நிறுத்துவது இல்லை, ஆறுக்கு மேல் நீட்டுவதும் இல்லை. இதைத் தொடங்குமுன் அக்காவின் கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன். ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்து, நல்லதாகத் தெரியும் இடத்தில் நிறுத்தினால் அந்த 5 விழுக்காட்டுக் காப்பு உடைந்துபோகும். எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ஷ்டத்துக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்த மாதிரி.

ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்குப் பழைய மின்னஞ்சல்களில் தட்டிய நேரங்களை இறக்கிப் பார்த்தேன். முதல் நான்கு மணி நேரத்தில் பாதிகூட வந்திருக்கவில்லை. ஒரு நாளில் முக்கால்வாசி. மூன்றாவது நாளுக்குப் பிறகு ஒன்றிரண்டு சொட்டுகள்தான். அதனால் 72 மணி நேரம் என்று வைத்தோம், வியாழன் மதியத்திலிருந்து ஞாயிறு மதியம் வரை. சனி, ஞாயிறு காலைச் சந்தைக்கு வருகிறவர்கள் முந்தின இரவில் பார்ப்பதும் இதில் அடங்கிவிடும். அதற்குப் பிறகு வந்ததை எந்தப் பக்கமும் சேர்க்கவில்லை.

பிரிப்பதுதான் கவனம் கேட்ட வேலை. சேவையின் சோதனை வசதிக்கு விலை கூடுதல். முதல் சோதனைக்குப் பிறகு எங்களுக்கு அது தேவையும் படவில்லை, விரிதாளிலேயே முடிந்தது. பட்டியலை இறக்கி, கடந்த மூன்று மாதத்தில் வாங்கியவர், வாங்காதவர் என்று ஒரு பத்தியில் குறித்தேன். பக்கத்துப் பத்தியில் `=RAND()`. அந்த எண்கள் கைபட்டால் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே நகலெடுத்து மதிப்பாக மட்டும் ஒட்டி உறையவைக்க வேண்டும். பிறகு வாங்கியவர்களைத் தனியாகவும் வாங்காதவர்களைத் தனியாகவும் அந்த எண்ணின் வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றிலும் மேல் பாதி ஒரு பக்கம், கீழ் பாதி மறு பக்கம். வாங்கும் பழக்கமுள்ளவர்கள் ஒரே பக்கம் குவிந்துவிடாமல் இது காக்கும். சேர்ந்த தேதி வரிசையிலோ அகரவரிசையிலோ பாதியாக வெட்டக்கூடாது. எங்கள் பட்டியலில் முன்பாதி பழைய வாடிக்கையாளர்கள், பின்பாதி இணையத்தில் வந்த புதியவர்கள். வெட்டினால் தலைப்பைச் சோதிக்காமல் ஆட்களைச் சோதித்ததாக ஆகிவிடும்.

இந்தக் குலுக்கலை ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். "அதே 640 பேர்தானே, எப்படி 1920 ஆகும்?" என்று அக்கா கேட்டது சரியான கேள்வி. எப்போதும் தட்டும் ஒரு பத்துப் பேர் முதல் குலுக்கலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தப் பிரிவையே ஆறு தடவையும் வைத்திருந்தால், அதே சாய்வு ஆறு தடவையும் திரும்ப வரும். எத்தனை மின்னஞ்சல் சேர்த்தாலும் அது கரையாது. புதிதாகக் குலுக்கினால் அந்தப் பத்துப் பேர் ஒரு தடவை இங்கே, ஒரு தடவை அங்கே விழுவார்கள். சேர்த்துக் கூட்டும்போது சாய்வு தேய்ந்துவிடும். விரிதாள் வேலை, இரண்டு அனுப்பல்களைத் தயார் செய்வது எல்லாம் சேர்த்து ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் பிடித்தது.

ஒவ்வொரு பக்கமும் 320 பேருக்கு அனுப்பி, தட்டியவர்கள்:

| மின்னஞ்சல் | சலுகைத் தலைப்பு | பொருள்-நாள் தலைப்பு |
|---|---|---|
| 1 | 16 | 13 |
| 2 | 11 | 21 |
| 3 | 12 | 19 |
| 4 | 13 | 14 |
| 5 | 10 | 20 |
| 6 | 12 | 22 |
| மொத்தம் | 74 | 109 |

முதல் மின்னஞ்சலில் சலுகைதான் மேலே. அதோடு நிறுத்தியிருந்தால் நேர் எதிரான முடிவுக்குப் போயிருப்போம். ஐந்தாவதில் பத்துக்கு இருபது, இரண்டு மடங்கு. ஆனால் வர்க்கமூலக் கணக்கு போட்டால் 30-இன் வர்க்கமூலம் ஐந்தரை, இரட்டிப்பு 11. வித்தியாசம் பத்துதான், தாண்டவில்லை. ஆறில் ஒன்றுகூடத் தனியாக நின்று எதையும் நிரூபிக்கவில்லை. சேர்த்தால் 183, வர்க்கமூலம் பதின்மூன்றரை, இரட்டிப்பு 27. வித்தியாசம் 35. தாண்டிவிட்டது.

இதிலிருந்து எவ்வளவு சொல்லலாம் என்பதற்கும் அதே 27 உதவுகிறது. 35-லிருந்து 27 கழித்தால் 8, கூட்டினால் 62. 1920 பேருக்கு எட்டு பேர் என்றால் அரைப் புள்ளிகூட இல்லை. 62 பேர் என்றால் மூன்று புள்ளிக்கும் மேல். பொருளையும் நாளையும் சொல்லும் தலைப்பு மேல் என்பதை நம்புகிறேன். எவ்வளவு மேல் என்பது இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது. 3.9 விழுக்காடு 5.7 ஆனது என்று அக்கா கடையில் எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தபோது, அடுத்த மூன்று மாதத்தில் அதே எண்ணை எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லி வைத்தேன்.

ஆர்டர் எண்ணிக்கைதான் உண்மையில் வேண்டியது. அதையும் குறித்துக்கொண்டுதான் வந்தோம்: சலுகைப் பக்கம் 19, பொருள்-நாள் பக்கம் 24. கூட்டினால் 43, வர்க்கமூலத்தின் இரட்டிப்பு 13. வித்தியாசம் ஐந்து. இதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆர்டர் விகிதம் 1-லிருந்து 1.5 விழுக்காடானதா என்று பார்க்க அதே சூத்திரம் பக்கத்துக்கு 7900 பேர் கேட்கிறது. எங்கள் வேகத்தில் 25 மின்னஞ்சல், கிட்டத்தட்ட ஒரு வருடம். ஒரு தலைப்பு வகைக்காக ஒரு வருடம் காத்திருக்க முடியாது. அதனால் ஆர்டரைத் தலைகீழாக விழுகிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொண்டோம், விழவில்லை.

அடுத்த சுற்றில் சிலவற்றை மாற்றுகிறேன். வாங்கியவர், வாங்காதவர் என்ற பிரிவின்படி தட்டியவர்களையும் தனித்தனியாக எழுதி வைக்கப் போகிறேன், ஆனால் முடிவை மொத்தத்தில்தான் எடுப்பேன், ஏனென்றால் துண்டுகளில் ஆள் இன்னும் குறைவு. இரண்டு வகைக்கும் எல்லாத் தலைப்புகளையும் தொடங்குமுன்பே எழுதி முடித்துவிடுவேன். இந்தத் தடவை ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் அப்போதப்போது எழுதியதில், பின்னால் வந்த பொருள்-நாள் தலைப்புகளுக்கு அக்கா கூடுதல் அக்கறை எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன், அதுவும் எண்ணிக்கையில் கொஞ்சம் கலந்திருக்கலாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களைச் சோதனையில் சேர்க்கவே மாட்டேன். அப்போது தலைப்பு எதுவானாலும் ஆட்கள் வருவார்கள்.

அக்கா விலையைத் தலைப்பிலேயே போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார். "250 கிராம் ஆறு வெள்ளி" என்று எழுதுவதா, விலை இல்லாமல் விடுவதா என்பது அடுத்த கேள்வி. இப்போது அடிப்படை விகிதத்தை 5 என்று வைத்தால், 7.5 ஆவதைப் பிடிக்கச் சூத்திரம் பக்கத்துக்கு சுமார் 1500 கேட்கிறது. ஐந்து மின்னஞ்சல், 72 மணி நேரம். ஜூன் முதல் வியாழன் தொடங்குகிறோம்.